ஒரு கட்டடம், மூன்று நோய்கள், எட்டுக் கேள்விகள்

உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் அங்கே நின்று பாருங்கள். முன்பக்கச் சுவரில் கொத்தனார் பூச்சு வேலை பார்க்கிறார். கலவை அவர் விரலிடுக்குகளில் வழிகிறது. பக்கவாட்டில் இன்னொருவர் சமையல் மேடைக்கான கல்லைக் கட்டிங் மெஷினில் அறுக்கிறார். அவர் இமைமுடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது; முகத்தில் ஒரு துண்டு மட்டும்தான் கட்டியிருக்கிறார். உள்ளே பழைய தரையைப் பிரேக்கர் வைத்து உடைக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் மேஸ்திரி சொல்வது அடுத்த ஆளுக்குக் கேட்கவில்லை.

இந்த மூன்று பேரிடமிருந்தும் அந்த வேலை மெதுவாக ஒன்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. கொத்தனாரிடம் தோலை, கல்லறுப்பவரிடம் மூச்சை, பிரேக்கர் பிடிப்பவரிடம் காதை. தொடர்புத் தோல் அழற்சி, சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு என்று மருத்துவம் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறது. மூன்றுமே வேலையால் வருபவை, மூன்றுமே தடுக்கக் கூடியவை. ஆனால் முற்றிய பிறகு முழுதாகத் திரும்பக் கிடைப்பது அரிது.

கீழே எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. விளக்கத்தைப் படிக்கும் முன் விடையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டட வேலைக்குப் போகிறவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 1

38 வயதுக் கொத்தனார் ஒருவர் பன்னிரண்டு வருடமாகப் பூச்சு வேலை பார்க்கிறார். எட்டு மாதமாகப் புறங்கையிலும் விரல் ஓரங்களிலும் அரிப்பு, வெடிப்பு, நீர்க்கசிவு. இது வேலையால் வந்ததா என்று கண்டுபிடிக்க மிகவும் உதவும் தகவல் எது?

அ) அரிப்பு இரவில் அதிகமாக இருக்கிறதா என்பது
ஆ) அவர் என்ன சோப்பு போடுகிறார் என்பது
இ) ஊருக்குப் போய் சில நாள் இருந்தால் ஆறுகிறதா, வேலைக்குத் திரும்பியதும் கிளம்புகிறதா என்பது
ஈ) குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்பது

விடை: இ

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தார், கை நன்றாக ஆறிவிட்டது. திரும்பி வந்து கலவையில் கை வைத்த மூன்றாம் நாள் மறுபடி சிவந்து கொப்பளித்தது. இந்த ஒரு வரியை அவர் சொல்லிவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. மற்ற மூன்று கேள்விகளும் கேட்க வேண்டியவைதான். ஆனால் வேலையையும் நோயையும் நேராக இணைத்துக் காட்டுவது இந்தக் கணக்குத்தான்.

இரண்டாவது தடயம், புண் இருக்கும் இடம். கொத்தனாருக்குப் புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு. கலவை சுமக்கும் சித்தாளுக்குச் சில சமயம் பாதமும் கணுக்காலும். பொருள் எங்கே படுகிறதோ அங்கேதான் தோல் முதலில் அழும்.

நடைமுறையில் நடப்பது வேறு. மருந்துக்கடையில் கையைக் காட்டி ஒரு களிம்பு வாங்குவார். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினால் இரண்டு நாளில் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். மாதக்கணக்கில் இப்படித் தடவினால் தோல் மெலியும். காரணம் கலவைச் சட்டியில் இருக்கிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

கேள்வி 2

பன்னிரண்டு வருடம் சிமெண்டில் கை வைத்தும் ஒன்றும் ஆகாதவருக்குத் திடீரென்று ஒவ்வாமை வருகிறது. சிமெண்டில் உள்ள எந்தப் பொருள் இதற்கு முக்கியக் காரணம்?

அ) சுண்ணாம்பு
ஆ) குரோமியம்
இ) ஜிப்சம்
ஈ) இரும்பு

விடை: ஆ

சிமெண்ட் தோலை இரண்டு வழியில் தாக்குகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

முதல் வழி, அரிப்புத் தன்மை. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை 12 முதல் 13 பி.எச். வரை இருக்கும். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. இந்தக் காரம் தோலின் எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும். உலர்ந்து, சொரசொரப்பாகி, வெடிப்பு விழும். இது யாருக்கு வேண்டுமானாலும் வரும். தொடும் நேரம் கூடக் கூடப் பாதிப்பும் கூடும். ஈரக் கான்கிரீட்டில் முழங்கால் போட்டு நெடுநேரம் வேலை செய்தால் தோல் வெந்தே போகும். அப்போது வலி உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. சில மணி நேரம் கழித்து எரிச்சல் தொடங்குவதற்குள் காயம் ஆழமாகியிருக்கும்.

இரண்டாம் வழி, ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிய அளவில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், தோலுக்குள் இறங்கும். உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒரு நாள் அதை எதிரி என்று மனதில் எழுதிக்கொள்கின்றன. அந்த நாள் மூன்றாம் மாதத்திலும் வரலாம், இருபதாம் வருடத்திலும் வரலாம். "இத்தனை வருஷம் வராதது இப்ப எப்படி வரும்?" என்ற கேள்விக்கு விடை இதுதான். ஒருமுறை எழுதிக்கொண்டால் பெரும்பாலும் அது அழியாது. அதன்பின் துளி பட்டாலும் கொப்பளிக்கும்.

எது என்று கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை இருக்கிறது. முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் சந்தேகப்படும் பொருள்களைத் தடவி ஒட்டுவார்கள். 48 மணி நேரம் முதுகை நனைக்கக் கூடாது. பிறகு வில்லைகளை எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். குரோமியம் வைத்த இடத்தில் சிவந்து தடித்திருந்தால் வழக்கு முடிந்தது.

இதற்குத் தீர்வு ஆலையிலேயே தொடங்க முடியும். சிமெண்டில் ஃபெரஸ் சல்பேட் கலந்தால் அந்தக் குரோமியம் கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல், நீர் சேர்த்த சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

கொத்தனார் தன் பங்குக்குச் செய்யக் கூடியது, தண்ணீர் புகாத நைட்ரைல் கையுறை போடுவது. தோல் கையுறை வேண்டாம். தோலைப் பதப்படுத்தவே பெரும்பாலும் குரோமியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கையுறையே புண்ணைக் கொண்டுவரும். எந்தக் கையுறையானாலும் உள்ளே கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். அப்படியே போட்டுக்கொண்டிருப்பது வெறுங்கையைவிட மோசம்.

கேள்வி 3

சமையல் மேடைக்குக் கல் அறுக்கும்போது எந்தக் கல்லின் தூசி நுரையீரலுக்கு மிகவும் ஆபத்தானது?

அ) மார்பிள்
ஆ) கிரானைட்
இ) குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல்
ஈ) எல்லாம் ஒன்றுதான்

விடை: இ

சிலிகோசிஸைக் கொண்டுவருவது கல்லில் உள்ள படிக வடிவச் சிலிக்கா. மார்பிள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் வகை. அதில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் சுமார் முப்பது சதவீதம் இருக்கும். செயற்கைக் கல் என்பது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்வது. அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேலும் சிலிக்கா இருக்கக் கூடும். ஆஸ்திரேலியாவில் இந்தக் கல்லை அறுத்த இளைஞர்கள் வரிசையாகச் சிலிகோசிஸில் விழுந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த நாடு செயற்கைக் கல்லைத் தடையே செய்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் அது இன்று பளபளவென்று விற்பனைக்கு நிற்கிறது.

ஆற்று மணலும் சிலிக்காதான். அதில் விளையாடும் குழந்தைக்கு ஏன் நோய் வருவதில்லை? காரணம் துகளின் அளவு. மணல் பெரியது, மூக்கைத் தாண்டாது. ஆபத்தான துகள் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கும் இருக்காது. மணல் மணியைவிட நூறு மடங்கு சிறியது. மெஷின் கல்லை அறுக்கும்போதுதான் இவ்வளவு நுண்மையான தூள் பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதி சில நிமிடத்தில் தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். புழுதி அடங்கிவிட்டது என்று நினைத்துத் துண்டை அவிழ்க்கும் நேரத்தில்தான் அவர் அந்தத் தூளை நிம்மதியாக இழுத்து மூச்சு விடுகிறார்.

உள்ளே போன துகளை நுரையீரலின் துப்புரவு அணுக்கள் விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். சிலிக்காவைச் செரிக்க முடியாது. அணு செத்துப்போகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த அணு அதை விழுங்கிச் சாகிறது. ஒவ்வொரு சாவும் சுற்றிலும் அழற்சியை உண்டாக்கி ஒரு சிறு தழும்பை விட்டுச் செல்கிறது. தழும்புகள் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து, பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது.

கேள்வி 4

கல்லறுக்கும்போது இவற்றில் மிகச் சிறந்த பாதுகாப்பு எது?

அ) முகத்தில் ஈரத் துண்டு கட்டுவது
ஆ) மின்விசிறியை முகத்துக்கு நேரே வைப்பது
இ) அறுக்கும் பல்லில் தொடர்ந்து தண்ணீர் விழச் செய்வது
ஈ) சாதாரண அறுவை முகக்கவசம் போடுவது

விடை: இ

தூசி காற்றில் கலந்த பிறகு அதைத் துரத்துவதைவிட, அது பிறக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவது மேல். பல் கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூள் சேறாகிக் கீழே வழியும். ஒரு வாளி, ஒரு குழாய், மெஷினில் மாட்ட ஒரு கவ்வி, இவ்வளவுதான் செலவு. மெஷினோடு தண்ணீர்க் குழாய் வரும் வகையும் கிடைக்கிறது. மின் கருவியும் தண்ணீரும் சேர்வதால் மண்ணிணைப்பு சரியாக இருக்க வேண்டும், கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துண்டின் நெசவு இடைவெளி அந்தத் துகளுக்கு ஊர்வாசல் மாதிரி. அதனால் அது காப்பாற்றாது. மின்விசிறி ஒருவர் தூசியை மூன்று பேருக்குப் பங்கு போடும். அறுவை முகக்கவசத்தின் ஓரங்களில் இடைவெளி இருக்கும். தண்ணீர் விட்ட பிறகும் மிச்சமாகும் தூளுக்கு என்95 முகக்கவசம் வேண்டும். அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. போட்டபின் கையால் மூடி மூச்சை வேகமாக விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் அது வெறும் அலங்காரம்.

வேலை முடிந்ததும் இரண்டு தவறுகள் நடக்கும். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டுவார்கள், சட்டையை உதறுவார்கள். இரண்டுமே படிந்த தூளைத் திரும்ப மூச்சுக்குள் அனுப்பும். தரையை நனைத்த பிறகுதான் கூட்ட வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும்.

கேள்வி 5

சிலிகோசிஸ் வந்தவர் வேலையை விட்டுவிட்டார். இனி என்ன ஆகும்?

அ) தூசி இல்லாததால் நுரையீரல் மெல்ல ஆறிவிடும்
ஆ) மாத்திரையில் தழும்பு கரைந்துவிடும்
இ) தினமும் வெல்லம் சாப்பிட்டால் தூசி வெளியேறிவிடும்
ஈ) வேலையை விட்ட பிறகும் நோய் வளரக் கூடும்

விடை: ஈ

தூசிபடும் வேலை பார்க்கிறவர்கள் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவது பல இடங்களில் பழக்கம். வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. உள்ளே தங்கிய துகளை எடுக்க எந்த மருந்தும் கிடையாது. அது அங்கேயே இருந்து தன் வேலையைத் தொடர்வதால்தான் தூசியை விட்டு விலகிய பிறகும் தழும்பு வளர்கிறது. ஆனாலும் விலகியே ஆக வேண்டும். விலகாவிட்டால் இன்னும் வேகமாக வளரும்.

குறைந்த தூசியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தபின் வருவது நாட்பட்ட வகை. தூசி மிக அதிகமானால் சில மாதங்களிலேயே வந்துவிடும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் காலி பிரிட்ஜ் என்ற ஊருக்கருகே 1930-இல் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி தோண்டினார்கள். பாறை கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. தண்ணீர் விடாமல் உலர்வாகவே துளை போட்டார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள். ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே சாகத் தொடங்கினார்கள். மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் பின்னாளில் கணக்கிட்டபோது 764 பேர் இறந்திருப்பார்கள் என்று தெரிந்தது. உலகின் மிகக் கொடிய தொழில் விபத்துகளில் ஒன்று இது. ஆனால் அங்கே எதுவும் இடிந்து விழவில்லை, வெடிக்கவும் இல்லை.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இருமல், மூச்சு வாங்குதல், எடை குறைதல், எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் நிழல். இதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது காசநோய். சளியில் கிருமியே தென்படாமல் காசநோய் மருந்தைச் சாப்பிட்டு முடித்தும் குணமாகாதவர்களில் சிலிகோசிஸ்காரர்கள் இருக்கிறார்கள். மறுபக்கமும் உண்மை. சிலிக்கா துப்புரவு அணுக்களைக் கொன்றுவிடுவதால் சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆகவே ஒன்று உறுதியானதும் இன்னொன்றைத் தேடாமல் விடக் கூடாது. சிலிகோசிஸ்காரருக்குச் சாயங்காலக் காய்ச்சலோ சளியில் இரத்தமோ வந்தால் உடனே சளிப் பரிசோதனை வேண்டும். இரண்டு நோயையும் பிரித்துக் காட்டுவதில் எக்ஸ்ரேக்குச் சமமான முக்கியத்துவம் அவர் சொல்லும் வேலைக் கதைக்கு இருக்கிறது.

கேள்வி 6

பிரேக்கர் சத்தம் அதைப் பிடிப்பவரின் காதருகே 100 டெசிபல். காதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஒரு நாளில் எவ்வளவு நேரம் கேட்டால் பரவாயில்லை?

அ) 8 மணி நேரம்
ஆ) 4 மணி நேரம்
இ) 1 மணி நேரம்
ஈ) 15 நிமிடம்

விடை: ஈ

டெசிபல் நம் சாதாரணக் கணக்கில் ஏறுவதில்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் காதில் இறங்கும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதை எல்லையாக வைக்கிறது. அங்கிருந்து ஏறிப் பாருங்கள். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி, 100-க்கு கால் மணி நேரம். காலை டீ வருவதற்கு முன்பே அவருடைய அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. நம் நாட்டின் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. காதைக் காப்பாற்ற அது போதாது என்பது என் கருத்து.

கையில் மீட்டர் இல்லையே என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? கத்த வேண்டியிருந்தால் அந்த இடம் பெரும்பாலும் 85-ஐத் தாண்டிவிட்டது. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போனவர்களுக்கு இது புரியும். அங்கே பாதிப் பேச்சு சைகையில்தான் நடக்கிறது.

கேள்வி 7

இரைச்சலால் காது கெடத் தொடங்கியவர் முதலில் என்ன சொல்வார்?

அ) "எதுவுமே கேக்கல"
ஆ) "காது வலிக்குது"
இ) "பேசறது கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல"
ஈ) "காதுல சீழ் வருது"

விடை: இ

உட்காதின் நத்தை எலும்பில் சுமார் பதினைந்தாயிரம் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது காற்றில் நெற்பயிர் சாய்வதுபோலச் சாய்ந்து நிமிர்கின்றன. ஒரு நாள் அதிக இரைச்சலில் இருந்தால் சாய்ந்தவை நிமிர நேரமாகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதில் "ஙொய்ங்" என்று கேட்பதும் பஞ்சடைத்த மாதிரி இருப்பதும் அதனால்தான். விடிந்ததும் சரியாகிவிடும். அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. இப்படி வருடக்கணக்கில் நடந்தால் அணுக்கள் செத்துவிடுகின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. வலியும் இல்லை, சீழும் இல்லை.

முதலில் சாவது நான்காயிரம் ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலிக்கான அணுக்கள். காதுக்குழாயின் அமைப்பே அந்தப் பகுதி ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதால் அடி அங்கேதான் பலமாக விழுகிறது. உயிரெழுத்துகளின் ஒலி இதற்குக் கீழே இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி உயரத்தில் இருக்கிறது. அது போய்விட்டால் கடை, சடை, தடை, படை நான்கும் ஒன்றுபோலவே கேட்கும். மனைவி "கடைக்குப் போயிட்டு வாங்க" என்கிறார். குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. "என்ன?" என்கிறார். மூன்றாம் முறை மனைவி கத்தினால், "ஏன் கத்துற, எனக்கென்ன காது கேக்காதா?" என்று சண்டை வருகிறது. பல வீடுகளில் இந்த நோயின் முதல் அறிகுறி இந்தச் சண்டைதான்.

செவித்திறன் சோதனை வரைபடத்தில் இது தெளிவாகத் தெரியும். ஓர் உதாரணம்: ஆயிரம் ஹெர்ட்ஸில் 15 டெசிபல் ஒலியே கேட்கிறது, அது இயல்பு. நான்காயிரத்தில் 50 டெசிபல் வைத்தால்தான் கேட்கிறது. எட்டாயிரத்தில் மறுபடி 30-க்கு வந்துவிடுகிறது. கோடு நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. வயதால் கெட்ட காதில் கோடு சரிந்துகொண்டே போகும், ஏறி வராது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் வரைபடத்தோடு வேலை விவரமும் வேண்டும். சோதனைக்கு முந்தைய இரவை இரைச்சலில்லாமல் கழித்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் தற்காலிகக் களைப்பை நிரந்தரச் சேதம் என்று எண்ண நேரிடும்.

கேள்வி 8

30 டெசிபலைக் குறைக்கும் தரமான காதடைப்பான் ஒன்றை எட்டு மணி நேர வேலையில் பாதி நேரம் போட்டு, பாதி நேரம் கழற்றி வைக்கிறார். அவருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு எவ்வளவு?

அ) 30 டெசிபல்
ஆ) 15 டெசிபல்
இ) 10 டெசிபல்
ஈ) 3 டெசிபல்

விடை: ஈ

பாதி நேரம் போட்டால் பாதிப் பலன், பதினைந்து டெசிபல் என்றுதான் மனம் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழற்றி வைத்த நான்கு மணி நேரத்தில் முழு இரைச்சலும் காதில் இறங்கிவிட்டது. போட்டிருந்த நேரத்தில் இறங்கியது அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆக மொத்தம் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டியதில் பாதி இறங்கியிருக்கிறது. பாதி என்பது டெசிபல் கணக்கில் மூன்றுதான். அரை மணி நேரம் மட்டும் கழற்றினால்கூடப் பதினாறில் ஒரு பங்கு இறங்கிவிடும். அப்போது கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல்.

எனவே பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைவிட, இரைச்சல் இருக்கும் நேரம் முழுவதும் போட்டிருப்பதுதான் முக்கியம். அடுத்தது போடும் முறை. பஞ்சு வகை அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். காதுக்கு வெளியே முழுசாக நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளே போகவே இல்லை. அழுக்குக் கையால் போடக் கூடாது. சத்தத்தை அளவாகக் குறைப்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரேயடியாக எதுவும் கேட்காமல் போனால் வண்டி ஒலி கேட்காது, எச்சரிக்கைக் குரல் கேட்காது. அப்புறம் பயத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள்.

எட்டுக்குப் பின் ஒன்பதாவதாக ஒரு கேள்வி

இத்தாலியின் மொடீனா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்டினோ ராமசினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கல்வெட்டுகிறவர்களின் மூச்சைப் பற்றியும், செம்பு தட்டுகிறவர்களின் காதைப் பற்றியும் அவர் அப்போதே எழுதியிருக்கிறார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார். "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதுதான் அது.

மேலே உள்ள எட்டு விடைகளையும் திரும்பப் பாருங்கள். கொத்தனாரின் கையைக் குரோமியத்தோடு இணைத்தது அந்தக் கேள்வி. எக்ஸ்ரே நிழலைக் காசநோயிலிருந்து பிரித்தது அந்தக் கேள்வி. செவி வரைபடத்தின் பள்ளத்துக்குப் பொருள் சொன்னதும் அதுதான். கூட்டம் நிறைந்த புறநோயாளி பிரிவில் மருத்துவருக்கு அதைக் கேட்க நேரமில்லாமல் போகலாம். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். "சார், நான் இத்தனை வருஷமா கல்லு அறுக்குறேன், தண்ணி விடாமத்தான் அறுப்போம்." இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சீட்டில் அதை எழுதித் தரவும் கேளுங்கள்.

எழுத்தில் இருப்பது இன்னொன்றுக்கும் உதவும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வேலையால் வரும் தோல் நோயும், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும், சிலிகோசிஸும் இடம்பெற்றிருந்தன. அட்டவணையிலுள்ள நோய் உரிய நிபந்தனைகளோடு வேலையால் வந்தால், சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டதற்குச் சமமாக அதைச் சட்டம் கருதுகிறது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் நாளில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு குழாயும் எடுத்து வைத்துவிட்டு, "தண்ணி விட்டே அறுங்க, நேரமானாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிடுங்கள்.